அம்மா பெயர் என்ற கட்டம்

1980களிலோ அதற்கு முன்போ தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் தங்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். தந்தை அல்லது காப்பாளர் பெயர் இருக்கும். அம்மாவின் பெயர் பெரும்பாலும் இருக்காது. பள்ளி மாற்றுச் சான்றிதழும் அப்படித்தான். கல்யாணமான பெண்களுக்கு அதன் பிறகு வந்த அட்டைகளில் கணவர் பெயர் ஏறியதே தவிர, அம்மா பெயர் ஏறவில்லை. ஐம்பது அறுபது வயது வரைக்கும் ஒருவர் தன் அம்மாவின் பெயரை எந்த அரசாங்கக் காகிதத்திலும் எழுதாமலேயே வாழ்ந்துவிட முடிந்தது.

இப்போது பாஸ்போர்ட், போட்டித் தேர்வு விண்ணப்பம், வங்கி கே.ஒய்.சி., பென்ஷன் திட்டம், வெளிநாட்டு விசா என்று எதை எடுத்தாலும் அம்மா பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஃபாரம் நிரப்பும் வேலை என்னிடம்தான் வரும். இந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. "சர்டிஃபிகேட்ல இல்லையே, போடலாமா?" என்பார்கள். அம்மா இறந்துவிட்டிருந்தால் கூடவே ஒரு பயமும் வரும். எதை வைத்து நிரூபிப்பது என்று.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபாரங்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் நீங்கள் சொன்னால் போதும். இன்னொரு வகையில் காகிதத்தைக் காட்ட வேண்டும். நம் ஊரில் நிரப்புகிற பெரும்பாலான ஃபாரங்கள் முதல் வகைதான். பெரியவர் ஒருவர் புதிதாக பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் முகவரிக்கு ஆதாரம் கேட்பார்கள், பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்பார்கள், பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் அதற்கான சான்றிதழைக் கேட்பார்கள். அம்மா பெயருக்கென்று தனியாக ஒரு ஆதாரம் அந்தப் பட்டியலில் கிடையாது. 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தியபோது அப்பா, அம்மா, சட்டப்படியான காப்பாளர் இவர்களில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும் என்றும் ஆக்கிவிட்டார்கள். ஆகவே பழைய சான்றிதழில் இல்லை என்பதற்காக யாரும் அந்தக் கட்டத்தைக் கண்டு தயங்க வேண்டியதில்லை.

ஆனால் ஒருவர் பெயர் போதும் என்பதற்காக அம்மா பெயரை விட்டுவிடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நீங்கள் வாயால் சொன்னது பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சாகிவிடும். அன்றிலிருந்து அதுவே ஆதாரம். பத்து வருடம் கழித்து வேறு எந்த அலுவலகத்தில் அம்மா பெயருக்குச் சான்று கேட்டாலும் அந்தப் பக்கத்தைத்தான் நகலெடுத்துக் கொடுப்பீர்கள். வேறு எந்தக் காகிதத்திலும் அம்மா பெயர் இல்லாதவருக்கு அதை உண்டாக்கிக்கொள்ள இதைவிட எளிதான இடம் கிடையாது.

அதனால் எந்த எழுத்தில் போடுகிறோம் என்பதில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும். என் சித்தி மகளுக்கு நிரப்பியதை வைத்தே சொல்கிறேன். சித்தி பெயரை இங்கே சரஸ்வதி என்று வைத்துக்கொள்வோம். 1986இல் இறந்துவிட்டாள். வாக்காளர் அடையாள அட்டை வந்ததே 1993க்குப் பிறகு. ஆதார் அதற்கும் பல வருடம் பிந்தியது. ஆக சித்தி பெயரில் படம் போட்ட அட்டை எதுவும் கிடையாது. அவள் பெயர் இருந்த காகிதங்கள் இரண்டு. ஒன்று, தாத்தா அவளுக்கு எழுதிவைத்த நிலத்தின் செட்டில்மென்ட் பத்திரம். இன்னொன்று, அவள் இறந்த பிறகு அந்த நிலத்துக்குப் பட்டா மாற்ற வாங்கிய வாரிசு சான்றிதழ். பத்திரத்தில் கணவர் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு "சரஸ்வதி அம்மாள்" என்று இருந்தது. வாரிசு சான்றிதழில் "சரசுவதி". இங்கிலீஷில் எழுதினால் SARASWATHI, SARASWATHY, SARASVATHI என்று குறைந்தது மூன்று விதம்.

நான் முதலில் கேட்டது சித்தி மகளின் அண்ணனுடைய பாஸ்போர்ட்டை. அவன் வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்தவன். கடைசிப் பக்கத்தில் SARASWATHI என்று இருந்தது. கேள்வி அதோடு தீர்ந்தது. கூடப்பிறந்தவர்களில் ஒருவருடைய பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே ஒரு எழுத்து ஏறியிருந்தால் அதையே மற்றவர்களும் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த எழுத்து உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும்தான். நாளைக்குச் சொத்து விஷயத்திலோ விசாவிலோ அண்ணன் தங்கை என்று காட்ட வேண்டிவந்தால் இரண்டு பாஸ்போர்ட்டிலும் அப்பா பெயரும் அம்மா பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவதைப் போல வசதி வேறில்லை. அப்படி யாரும் இல்லையென்றால், அம்மா உயிரோடு இருக்கும் பட்சத்தில் அவருடைய ஆதாரில் இருக்கிற எழுத்து. அதுவும் இல்லையென்றால் நீங்களே ஒன்றை முடிவுசெய்து, ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இனி எந்த ஃபாரத்திலும் அதுதான்.

அந்தக் கட்டத்தில் இன்ஷியல் போட வேண்டாம். நம் அம்மாக்களுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒரு இன்ஷியல், பின் ஒரு இன்ஷியல். எதைப் போட்டாலும் இன்னொரு காகிதத்தோடு இடிக்கும். பெயரை மட்டும் போட்டால் இரண்டோடும் ஒத்துப்போகும். "அம்மாள்" என்பதையும், அவர் பெயரே அப்படித்தான் எல்லா இடத்திலும் இருக்கிறது என்றாலொழிய, விட்டுவிடலாம். திருமதி வேண்டாம். இறந்துவிட்டார் என்பதைக் குறிக்க "லேட்" என்று முன்னால் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மரியாதைக்காகப் போடுகிறோம், ஆனால் கணினிக்கு அது பெயரின் ஒரு பகுதி. LATE SARASWATHI என்று அச்சாகி வந்தால் அதைத் திருத்துவது பெரும்பாடு.

வங்கியில் கேட்கிற தாயின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் வேறு சங்கதி. அது நீங்கள்தானா என்று போனில் சரிபார்க்கத்தான் பல இடங்களில் பயன்படுகிறது. நம் வழக்கத்தில் கல்யாணத்தோடு இன்ஷியல்தான் மாறும், பெயர் மாறாது. எனவே எப்போதும் எழுதுகிற அதே பெயரை எழுதுங்கள்.

சித்தியின் கதையில் இன்னொன்றும் உண்டு. அவள் இறந்த பிறகு சித்தப்பா மறுமணம் செய்துகொண்டார். வந்தவர் அந்தப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே பார்த்தார். தங்கச்சியின் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர்தான் இருக்கிறது. "அவங்க பேரையே போட்டுடட்டுமா அக்கா? அவங்க மனசு கஷ்டப்படுமே" என்று தங்கச்சி கேட்டாள். நான் அவரிடமே போய்ச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "பெத்தவ பேரைப் போடு. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா நீ என்ன பதில் சொல்லுவ?" என்றார். சட்டப்படி தத்து எடுத்திருந்தால் ஒழிய, இந்தக் கட்டத்தில் பெற்றவர் பெயரைப் போடுவதே நல்லது. வளர்த்தவர் பெயரைப் போட்டுவிட்டு, பின்னால் பிறப்புப் பதிவேடோ வாரிசு சான்றிதழோ வேறு பெயரைக் காட்டினால் இரண்டு பேரும் ஒருவர்தான் என்று சத்தியம் செய்ய வழியே இல்லை.

பாஸ்போர்ட் அதிகச் சிரமமில்லாமல் வந்துவிட்டது. கஷ்டம் அடுத்ததில் இருந்தது. தங்கச்சியின் மகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். அம்மாவை நிரந்தரமாகக் கூட்டிக்கொள்ள மனு போட்டான். இது காட்ட வேண்டிய வகை. குடியேற்ற விசாவுக்குக் கொடுக்கிற பிறப்புச் சான்றிதழில் பிறந்த தேதி, பிறந்த ஊர், பெற்றோர் இருவர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும், அது அரசாங்கப் பதிவேட்டிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். தங்கச்சி 1969இல் பிறந்தவள். அவளிடம் பிறப்புச் சான்றிதழே கிடையாது.

அவள் கணவர் அவளுடைய அப்பாவின் ஊர் இருக்கிற தாலுகாவில் போய்த் தேடச்சொல்லி, பதிவு இல்லை என்ற பதிலோடு திரும்பினார். இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். நம் வீடுகளில் தலைப்பிரசவம் எங்கே நடக்கும்? அம்மா வீட்டில்தானே. இவள் இரண்டாவது குழந்தை என்றாலும் சித்தி தாய்வீட்டுக்கு வந்துதான் பெற்றாள். பிறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் இருக்கும். அந்தக் காலத்தில் கிராம முன்சீப்தான் எழுதிக்கொள்வார். 1980இல் அந்தப் பதவிகளை ஒழித்த பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பழைய கிராமப் பதிவேடுகள் பெரும்பாலும் தாலுகா அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ இருக்கும். தாத்தா ஊருக்கு உரிய அலுவலகத்தில் மறுபடி விண்ணப்பித்தோம்.

தேடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பிறந்தவர் பெயரைக் கொடுத்துத் தேடினால் கிடைக்காது. பிறந்த சில நாளில் தகவல் சொல்லிவிடுவார்கள், பெயர் வைப்பது அதற்குப் பிறகு. யாரும் திரும்பிப்போய்ப் பெயரைச் சேர்க்கமாட்டார்கள். அதனால் பழைய பதிவேட்டில் குழந்தையின் பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அப்பா பெயரை வைத்துத்தான் தேடச் சொல்ல வேண்டும், அதுவும் ஒரு தேதிக்கு இல்லை, முழு வருடத்துக்கு. எத்தனை வருடம் தேடச் சொல்கிறோமோ அதற்கேற்பத் தேடுதல் கட்டணம் கூடும். கட்டிவிடுங்கள். இரண்டு வருடத்துக்குச் சேர்த்தே கட்டுவது நல்லது.

கிடைத்தது. பெண் குழந்தை. தகப்பனார் பெயர் சரியாக இருந்தது. தாயார் பெயர் "சரசு". குழந்தை பெயர் காலி. தேதி 28.10.1969.

பள்ளிச் சான்றிதழில் அவள் பிறந்த தேதி 5.6.1969.

இது புதிதில்லை. அந்த வயதுக்காரர்களில் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் ஏன் இவ்வளவு பேர் என்று யோசித்தால் புரியும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் தலைமையாசிரியர் முடிந்ததாக ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாகக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் விளைவு இப்போது எங்கள் முன்னால் கிடந்தது. பள்ளிச் சான்றிதழில் மகள் பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இல்லை. பதிவேட்டில் அம்மா பெயர் இருக்கிறது, மகள் பெயர் இல்லை. இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டிய தேதியோ ஒத்துப்போகவில்லை.

பதிவேட்டில் குழந்தையின் பெயரைப் பிற்பாடு சேர்க்க 1969ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு வழி செய்கிறது. இவளுக்கு அதைச் செய்யலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தேன். சேர்த்தால் அவள் பெயரிலேயே அக்டோபர் தேதியோடு ஒரு பிறப்புச் சான்றிதழ் வரும். பாஸ்போர்ட், ஆதார், பான் எல்லாம் ஜூன். அம்மா பெயரைச் சரிசெய்யப் போய்ப் பிறந்த தேதியில் தகராறு வந்து நிற்கும். ஐம்பது வயதுக்கு மேல் பிறந்த தேதியை எல்லாவற்றிலும் மாற்றுவது நடக்கிற காரியமில்லை. பழைய பிறப்புப் பதிவை எடுக்கிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன். அம்மா பெயர் கிடைத்த சந்தோஷத்தில் தேதியைப் பார்க்காமல் எந்த அலுவலகத்திலும் அதை நீட்டிவிடாதீர்கள். அம்மா பெயருக்கு மட்டும் ஆதாரம் வேண்டுமென்றால், நம் ஊர் அலுவலகங்களில் வாரிசு சான்றிதழே போதுமானதாக இருக்கும். தாசில்தார் கையெழுத்தோடு "இன்னாருக்கு இன்னார் மகள்" என்று சொல்கிற காகிதம் அது. அதில் பிறந்த தேதி என்ற வம்பு இல்லை.

அமெரிக்க மனுவுக்கு அது போதாது. அங்கே மறைத்தும் பயனில்லை. ஆகவே இருப்பதை இருக்கிறபடி கொடுத்து, கூடவே விளக்கம் சொல்வது என்று தீர்மானித்தோம். பதிவேட்டு நகல், பள்ளிச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், இவற்றோடு இரண்டு பேருடைய உறுதிமொழிப் பத்திரம். அமெரிக்கக் குடியேற்ற விதிகளில் இது எழுதியே இருக்கிறது. முதல்நிலைச் சான்று இல்லையென்றால் பள்ளி, கோயில், சர்ச் பதிவுகள் போன்றவை. அவையும் இல்லையென்றால், மனுவில் சம்பந்தப்படாத, நடந்ததை நேரடியாக அறிந்த இரண்டு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் பத்திரம். பதிவே இல்லாதவர்கள், பதிவு இல்லை என்ற சான்றை அதற்குரிய அரசாங்க அலுவலகத்திடமிருந்து எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

நேரடியாக அறிந்தவர் என்பதுதான் இதில் முக்கியம். தங்கச்சியின் தோழி கொடுத்தால் செல்லாது, அவளுக்கு எப்படித் தெரியும்? பிறந்தபோது விவரம் தெரிகிற வயதில் இருந்தவர் வேண்டும். பெரியம்மாவும் மாமாவும் இருந்தார்கள். பெரியம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. வழக்கறிஞர் குமாஸ்தா கொடுத்த மாதிரியில் "எனக்கு நன்கு தெரியும்" என்று ஒரு வரிதான் இருந்தது. அதை நான் ஏற்கவில்லை. எப்படித் தெரியும் என்பதையே எழுத வேண்டும். பெரியம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன்.

"தீபாவளிக்குப் பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும். அடைமழை. மருத்துவச்சிய கூட்டியார மாமனைத்தான் அனுப்புனோம். கோணிச்சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு ஓடுனான். நான்தான் வெந்நீர் வச்சேன். பின்கட்டுல, நெல்லுக் குதிருக்குப் பக்கத்துல."

1969 தீபாவளி நவம்பர் இரண்டாவது வாரத்தில். பதிவேட்டில் அக்டோபர் 28. பெரியம்மா எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் சொன்னது பதிவேட்டோடு அப்படியே பொருந்தியது. பத்திரத்தில் அதைத்தான் எழுதினோம். தன் முழுப்பெயர், முகவரி, தான் பிறந்த தேதி, ஊர், தங்கச்சிக்குத் தான் என்ன உறவு, பிரசவத்தின்போது அதே வீட்டில் இருந்தது, தீபாவளிக்கு முந்திய நாட்கள் என்பது, அம்மா பெயர் "சரசு என்கிற சரஸ்வதி அம்மாள்" என்பது, அந்தப் பெண் குழந்தைக்குப் பின்னால் இன்ன பெயர் வைத்தார்கள் என்பது, பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் தேதி போடப்பட்டது என்பது. இரண்டு பெயரையும் "என்கிற" போட்டு ஒரே வரியில் எழுதியதால் பதிவேட்டின் சரசுவும் பாஸ்போர்ட்டின் சரஸ்வதியும் ஒருவர்தான் என்பதற்குத் தனிப் பத்திரம் தேவைப்படவில்லை. மாமா தனியாக, தான் மருத்துவச்சியைக் கூட்டிவந்ததையும், தாத்தாவோடு முன்சீப் வீட்டுக்குப் போய்த் தகவல் சொன்னதையும் எழுதினார். இருவர் பத்திரமும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருக்கக்கூடாது. ஒரே அச்சில் இரண்டு கையெழுத்து வாங்கினால் படிக்கிறவருக்கு நம்பிக்கை வராது. தமிழில் எழுதி, அவர்களுக்கு வாசித்துக் காட்டி, நோட்டரி முன்னால் கையெழுத்து வாங்கி, இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை, மொழிபெயர்த்தவர் கையெழுத்தோடு சேர்த்தோம். கூடுதல் விளக்கம் எதுவும் கேட்காமல் காகிதங்களை ஏற்றுக்கொண்டார்கள்.

ஒவ்வொரு பத்திரத்திலும் மூன்று அசல் போட்டு வைத்தேன். தங்கச்சியின் தம்பிக்கும் இதே தேவை வரலாம். அப்போது பெரியம்மா இருப்பாரா என்று சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய யாருக்காவது அம்மா பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லையென்றால், விசா இப்போது வேண்டாவிட்டாலும், பிறந்த வீட்டில் அன்றைக்கு இருந்த பெரியவரிடம் இந்தப் பத்திரத்தை இப்போதே வாங்கிவிடுங்கள். பதிவேடு அலுவலகத்தில்தான் இருக்கும், அடுத்த வருடம்கூடத் தேடலாம். ஆள் இருக்கும்போது வாங்கினால்தான் இது உண்டு.

இளையவர்களுக்கு இந்தப் பாடு வேண்டாம். மகாராஷ்டிராவில் 2024 மே 1 முதல் பிறந்தவர்களுக்கு அரசு ஆவணங்களில் பெயரை அடுத்து அம்மா பெயரை எழுதுவதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். பான் அட்டையில் அம்மா மட்டுமே வளர்த்த பிள்ளைகள் அப்பா பெயரைக் கொடுக்கத் தேவையில்லை என்று 2018 டிசம்பர் முதல் ஆகிவிட்டது. கட்டங்கள் இப்போது இருக்கின்றன. அவற்றில் எந்த எழுத்து ஏறுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் பள்ளியில் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். பிள்ளையின் பெயரையும் இன்ஷியலையும் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அம்மாவின் ஆதாரைக் கையோடு கொண்டுபோய், அவர் பெயரை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகு போடுங்கள்.